'மீரஃப்தே', 'ரஃப்தே பூதே': பாரசீகம் வினையில் சொல்வதை ஆங்கிலம் எங்கே சொல்கிறது?

கேள்வி: பாரசீகச் சிறுகதை ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'ரஃப்தே', 'மீரஃப்தே', 'ரஃப்தே பூதே' மாதிரி வடிவங்கள் நிறைய வருகின்றன. இவை ஆச்சரியத்தையும் கேள்விப்பட்டதையும் காட்டும் என்று இலக்கணப் புத்தகம் சொல்கிறது. ஆங்கிலத்தில் இதற்கென்று தனி வடிவம் கிடையாதே. கதை ஓட்டத்தில் இதை எப்படிக் கொண்டுவருவது? எல்லா இடத்திலும் 'அப்பேரன்ட்லி' போட்டுவிடலாமா?

பதில்:

போடாதீர்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். நான்கு பக்கக் கதையில் பதினோரு 'அப்பேரன்ட்லி'. படித்துப் பார்த்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கதை சொல்கிறவனுக்கு அவன் பாட்டி மேல் நம்பிக்கையே இல்லையா?" மூலத்தில் அந்தப் பேரனுக்குப் பாட்டி சொன்னது வேதவாக்கு. நான்தான் அவனைச் சந்தேகப் பிராணியாக ஆக்கியிருந்தேன்.

ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன்னால் இந்த வடிவம் என்ன செய்கிறது என்று தமிழ் வழியாகவே பார்த்துவிடலாம். இந்த விஷயத்தில் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவரைவிட நமக்கு வசதி அதிகம். 'ரஃப்த்' என்றால் போனான். 'ரஃப்தே அஸ்த்' என்பது 'போய்' என்ற எச்சத்தோடு 'இரு' என்ற வினையைச் சேர்த்தது. அப்படியே நம் 'போயிருக்கிறான்'. பேச்சிலும் பல சமயம் எழுத்திலும் கடைசி 'அஸ்த்' உதிர்ந்து 'ரஃப்தே' மட்டும் நிற்கும். 'மீரஃப்தே' என்றால் வழக்கமாகப் போய்க்கொண்டு இருந்திருக்கிறான். 'ரஃப்தே பூதே' என்றால் போயிருந்திருக்கிறான். ஒட்டுக்கு ஒட்டு பொருந்துகிறது.

பொருளும் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. வாசலில் ஈரத்தைப் பார்த்துவிட்டு 'ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். மழையைப் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்தோம். பாரசீக வடிவமும் இதையேதான் சொல்கிறது: நடந்தது எனக்கு நேரே தெரியாது, அதன் தடயமோ அதைப் பற்றிய பேச்சோ வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. ஈரானிய இலக்கணம் இதை 'மாஸீ யெ நக்லீ' என்கிறது. 'நக்ல்' என்றால் எடுத்துச் சொல்லுதல். பிரெஞ்சு ஈரானியவியலாளர் ழில்பேர் லஸார் இந்த வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் அழுத்திச் சொல்வதும் இந்த 'இடைவெளி'யைத்தான். சொல்பவனுக்கும் நிகழ்வுக்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரம் சந்தேகம் அல்ல.

அதனால் நம் '-ஆம்' விகுதியை இங்கே கொண்டுவராதீர்கள். 'போனானாம்' என்பதில் 'நான் பொறுப்பில்லை' என்ற தொனி எளிதாக ஒட்டிக்கொள்ளும். 'போயிருக்கிறான்' என்பதில் அது இல்லை. பாரசீகம் இரண்டாவதன் பக்கம்தான் நிற்கிறது. 'அப்பேரன்ட்லி'யோ '-ஆம்' பக்கம் சாய்வது. சில இடங்களில் அதையும் தாண்டிக் கிண்டலாகவே ஒலிக்கும்.

இனி ஆச்சரியம். ஒருவர் அரை மணி நேரமாகச் சாவியைத் தேடுகிறார். கடைசியில் கையைச் சட்டைப் பையில் விட்டால் அங்கே இருக்கிறது. ஈரானியர் சொல்வார்: 'கெலீத் தூ ஜீபம் பூதே!' தமிழில் யோசிக்கவே வேண்டாம்: 'அட, சாவி என் பாக்கெட்டிலேயே இருந்திருக்கு!' சாவியை அவர் இப்போது கையில் தொட்டுக்கொண்டிருக்கிறார், நேரடி அனுபவம்தான். ஆனாலும் 'பூத்' என்று சாதாரணக் கடந்தகாலம் போடாமல் 'பூதே' என்கிறார். ஏனென்றால் அது அங்கே இருந்த அந்த அரை மணி நேரமும் அவருக்குத் தெரியாது. தெரிந்தது இப்போதுதான். நடந்ததற்கும் தெரிந்ததற்கும் நடுவே விழுந்த இடைவெளிதான் ஆச்சரியமாகக் கேட்கிறது. கேள்விப்படுதலும் ஆச்சரியமும் ஒரே வடிவத்தில் குடியிருப்பது இதனால்தான்.

ஆங்கிலம் இதை வினையில் சொல்லாது, வாக்கியத்தின் கடைசியில் சொல்லும்: 'தி கீ வாஸ் இன் மை பாக்கெட் ஆல் அலாங்'. இந்த 'ஆல் அலாங்' இல்லாவிட்டால் அது வெறும் தகவல். அது வந்துவிட்டால் தேடிய அரை மணி நேரமும் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறது. 'தி ஹோல் டைம்' என்றும் சொல்லலாம். பேச்சில் அதுதான் இயல்பு. இங்கே 'அப்பேரன்ட்லி' போட்டுப் பாருங்கள்: சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அது அங்கே இருந்ததா என்று சந்தேகப்படுகிற மனிதர் கிடைப்பார்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. வெளிநாட்டவர் ஒருவர் திடீரென்று பாரசீகத்தில் பதில் சொல்கிறார். கடைக்காரர் வியந்து 'பஸ் ஃபார்ஸீ பலத் பூதே!' என்கிறார். 'அட, இவருக்குப் பாரசீகம் தெரிஞ்சிருக்கே!' தெரிந்தது போன வருஷம் அல்ல, இப்போதும் தெரியும். வடிவம் கடந்தகாலமாக இருப்பதைப் பார்த்து 'ஹி ஹேட் நோன் பெர்ஷியன்' என்று எழுதினால் அது முன்பு தெரிந்து பிறகு மறந்தவர் கதை ஆகிவிடும். ஆங்கிலத்தில் நிகழ்காலமே சரி: 'ஸோ ஹி ஸ்பீக்ஸ் பெர்ஷியன்!' ஆச்சரியத்தை 'ஸோ' தாங்கிக்கொள்ளும். மூலத்தில் அந்த வேலையைப் பாதி செய்வது 'பஸ்' என்ற சொல்தான். பேச்சு ஆச்சரியத்தில் இந்தச் சின்னச் சொற்களை, 'பஸ்', 'எ', 'அஜப்' போன்றவற்றைக் கவனியுங்கள். வினையில் இருக்கும் வியப்பை ஆங்கிலத்தில் இவற்றின் இடத்தில்தான் இறக்கி வைக்க முடியும்.

கதைசொல்லியே வியந்தால், அதாவது பேச்சில் அல்லாமல் விவரிப்பில் இது வந்தால், 'இட் டர்ன்ட் அவுட்' உதவும். ஆனால் அதை ஒரு கதையில் இரண்டு மூன்று முறைக்கு மேல் செலவழிக்காதீர்கள். அது சத்தமான தொடர்; 'இதோ திருப்பம்' என்று மணியடிக்கும். பாரசீகத்தில் வினையின் கடைசியில் நிற்கும் அந்த ஒற்றை 'ஏ' மணியடிப்பதில்லை.

அடுத்தது ஊகம். உண்மையில் எல்லாவற்றிலும் இதுதான் எளிது, ஏனென்றால் ஆங்கிலம் இங்கே தானாகவே வழிவிடுகிறது. 'தீதம் பர்ஃப் ஆமதே': பார்த்தேன், பனி பெய்திருக்கிறது. கடந்தகாலக் கதையோட்டத்தில் ஆங்கிலம் இதை 'ஹேட்' கொண்டு சொல்லும்: 'ஐ சா தட் இட் ஹேட் ஸ்னோட்'. காலையில் ஜன்னலைத் திறந்து பார்க்கும் காட்சி அதிலேயே இருக்கிறது. வேறு எந்தச் சொல்லும் வேண்டாம்.

பாரசீகம் 'பார்த்தேன்' என்று கடந்தகாலத்தில் சொல்லிவிட்டு, பார்த்த பொருளை அந்தக் கணத்தில் இருந்தபடியே வைத்துவிடும். நாமும் அப்படித்தான்: 'பார்த்தேன், யாரும் இல்லை, கிளம்பியிருக்கிறார்கள்.' ஆங்கிலம் அந்தக் காலத்தை ஒரு படி பின்னால் தள்ளும். ஆகவே 'தீதம்' (பார்த்தேன்), 'ஃபஹ்மீதம்' (புரிந்துகொண்டேன்) போன்றவற்றுக்குப் பின்னால் வரும் 'ஆமதே', 'ரஃப்தே' எல்லாம் 'ஹேட்' ஆகும். 'ஹேஸ்' ஆகாது. இலக்கணப் புத்தகங்கள் இந்த வடிவத்துக்கு ஆங்கிலப் பெயராக 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' என்று போட்டிருப்பதால் கை தானாக 'ஹேஸ்' பக்கம் போகும். அந்தப் பெயரை மறந்துவிடுவது நல்லது. பாரசீகத்தில் 'தீரூஸ் ரஃப்தே', நேற்றுப் போயிருக்கிறான், தாராளமாக வரும். ஆங்கிலத்தில் 'ஹி ஹேஸ் கான் யெஸ்டர்டே' வரவே வராது.

'பார்த்தேன்' என்ற சொல்லே இல்லாமல் ஊகம் வந்தால், தடயத்தை முதலில் வையுங்கள், முடிவைப் பின்னால் வையுங்கள். 'மேஜையில் இரண்டு தேநீர்க் குவளைகள். யாரோ வந்துபோயிருக்கிறார்கள்.' ஆங்கிலத்தில்: 'டூ டீ கிளாஸஸ் ஆன் தி டேபிள். சம்ஒன் ஹேட் பீன் ஹியர்.' குவளைகளும் 'ஹேட்'டும் சேர்ந்தால் போதும், ஊகம் தானாக எழுகிறது. 'மஸ்ட் ஹேவ்' என்பது இதைவிட ஒரு பிடி தளர்ச்சியானது. பாத்திரம் மண்டையைச் சொறிந்துகொண்டு கணக்குப் போடுகிற இடத்துக்கு அதைச் சேமித்து வையுங்கள். பாரசீகத்திலும் அப்படிப்பட்ட இடத்தில் 'லாபுத்' (அநேகமாக) என்று ஒரு சொல் பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுக்கூறு: கேள்விப்பட்டது, அதுவும் பத்தி பத்தியாக. ஒரு சின்னப் பத்தியை நானே கட்டுகிறேன், ஈரானியக் குடும்பக் கதைகளில் பார்க்கிற மாதிரி. வினைகளை மட்டும் பாரசீகத்தில் கவனியுங்கள்.

பாட்டி பீபி கதை சொல்வாள் ('தஅரீஃப் மீகர்த்'): தாத்தா இளைஞனாக இருந்தபோது ('பூதே') ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வணிகக் கூட்டத்தோடு யஸ்த் நகரத்துக்குப் போவது வழக்கம் ('மீரஃப்தே'). ஒரு வருஷம் வழியில் பனி பெய்தது ('ஆமதே'). மூன்று நாள் ஒரு கார்வான்சராயில், வழிச் சத்திரத்தில், தங்கினார் ('மாந்தே'). அங்கே ஒரு கிழவரைப் பார்த்தார் ('தீதே'), அவர் இவருக்காகக் குழல் ஊதுவார் ('மீஸதே'). அந்தக் கிழவரும் யஸ்திலிருந்து வந்திருந்தவர் ('ஆமதே பூதே'). நான் அந்தச் சத்திரத்தைப் பார்த்தேன் ('தீதம்'). கூரை இடிந்து விழுந்திருந்தது ('ரீக்தே பூத்').

முதல் வினையையும் கடைசி இரண்டையும் தவிர்த்து எல்லாம் 'ஏ'யில் முடிகின்றன. பாட்டியின் குரல் ஒவ்வொரு வினையின் வாலிலும் தொங்குகிறது. கடைசிக்கு வந்ததும் 'தீதம்', 'பூத்': வால் அறுந்துவிட்டது, பேரன் சொந்தக் காலில் நிற்கிறான். 'ஆமதே பூதே'வையும் 'ரீக்தே பூத்'தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் 'முன்பே நடந்து முடிந்திருந்தது' வகைதான். ஆனால் முதலாவது பாட்டி சொன்னது, இரண்டாவது இவன் கண்ணால் கண்டது. பாரசீக எழுத்தில் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் 'பூத்' என்பதன் கடைசியில் ஒட்டும் 'ஹெ' என்ற ஒரே ஓர் எழுத்து. அவசரமாகப் படித்தால் கண்ணில் படாது. நான் பலமுறை தவறவிட்டிருக்கிறேன்.

ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது முதல் யோசனை எல்லா வினைக்கும் ஏதாவது ஒன்றைச் சேர்ப்பது. 'அப்பேரன்ட்லி போனார், பனி பெய்ததாகச் சொல்லப்படுகிறது, தங்கியிருக்க வேண்டும்' என்று ஓடும். படிக்கவே மூச்சு முட்டும். தமிழில் எல்லா வினையிலும் 'இருக்கிறார்' வந்தால் ஒன்றும் உறுத்தாது, ஏனென்றால் அது வினையின் உடம்பிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது வெளியே ஒட்டிய சீட்டு. ஏழு வினைக்கு ஏழு சீட்டு ஒட்டினால் வாசகர் கதையை விட்டுவிட்டுச் சீட்டுகளைப் படிப்பார்.

இரண்டாவது யோசனை எல்லாவற்றையும் 'ஹேட்' ஆக்குவது. ஊகத்தில் அது வேலை செய்ததே என்று தோன்றும். இங்கே அது இரண்டு விதத்தில் தோற்கிறது. ஒன்று, ஐந்தாறு வாக்கியம் தொடர்ந்து 'ஹேட்' வந்தால் ஆங்கிலக் கதை நகராமல் அப்படியே நிற்கும். ஆங்கில எழுத்தாளர்களே பின்கதையில் இரண்டு முறை 'ஹேட்' போட்டுவிட்டு அப்புறம் சாதாரணக் கடந்தகாலத்துக்கு நழுவிவிடுவார்கள். இரண்டாவது, கிழவர் வந்திருந்ததும் கூரை விழுந்திருந்ததும் ஒரே 'ஹேட்' ஆகிவிடும். அந்த ஒற்றை எழுத்து வித்தியாசம் காற்றில் கரைந்துபோகும்.

ஆங்கிலம் செய்வது வேறு. யார் சொன்னது என்பதை ஒருமுறை நிறுவிவிட்டு, அதே நிழலில் சாதாரணக் கடந்தகாலத்தை ஓடவிடும். ஆகவே நான் இப்படி வைப்பேன்: 'வென் ஹி வாஸ் யங், பீபி யூஸ்ட் டு சே, மை கிராண்ட்ஃபாதர் வென்ட் டு யஸ்த் எவ்ரி ஆட்டம் வித் தி கேரவன்.' பீபியின் பெயரை வாக்கியத்தின் நடுவில் செருகியிருப்பதைப் பாருங்கள். முன்னால் வைத்தால் சாட்சி வாக்குமூலம் மாதிரி விறைப்பாக இருக்கும். நடுவில் வைத்தால் கதை அவள் குரலில் ஏறிக்கொள்ளும். அதன்பின் 'ஒன் இயர் இட் ஸ்னோட்', 'ஹி வாஸ் ஸ்டக் ஃபார் த்ரீ டேஸ்', 'ஆன் ஓல்ட் மேன் ப்ளேட் தி ஃப்ளூட் ஃபார் ஹிம்', எல்லாம் வெறும் கடந்தகாலம். கிழவரின் ஊரை 'ஹேட்' இல்லாமல், 'எ யஸ்த் மேன் ஹிம்செல்ஃப்' என்று ஒட்டிவிட்டேன்.

பத்தி நீளமாக இருந்தால் நடுவில் ஒருமுறை நிழலைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மறுபடி 'பீபி சொன்னாள்' என்றே போடவேண்டியதில்லை. அவள் சொல்லும் தோரணையில் ஒரு சொல், அவள் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு விவரம் போதும். இங்கே 'மூன்று நாள்' இருக்கிறது. அதை 'த்ரீ டேஸ், த்ரீ ஹோல் டேஸ்' என்று ஆக்கினால் பாட்டி விரல் விட்டு எண்ணுவது காதில் விழும். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். மூலத்தில் ஏழு 'ஏ' இருந்தது, அவற்றையெல்லாம் எடுத்துவிட்டோம். ஈடாக இந்த அளவு கொடுப்பது நியாயம் என்பது என் எண்ணம். எல்லா மொழிபெயர்ப்பாளரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பத்தியில் உயிர் இருக்கும் இடம் கடைசி. நிழலிலிருந்து வெளியே வரும் இடத்தை ஆங்கிலத்தில் கட்டாயம் காட்டியாக வேண்டும், ஏனென்றால் அதுவரை ஓடியதும் சாதாரணக் கடந்தகாலம், இனி ஓடப்போவதும் சாதாரணக் கடந்தகாலம். 'ஐ சா தட் கேரவன்செராய் மைசெல்ஃப், இயர்ஸ் லேட்டர். தி ரூஃப் ஹேட் ஃபாலன் இன்.' 'தீதம்' என்ற ஒரு சொல்லில் இருந்ததை 'மைசெல்ஃப்' வெளியே எடுத்துச் சொல்கிறது. 'இயர்ஸ் லேட்டர்' என் சேர்க்கை, வேண்டாமென்றால் புதுப் பத்தி தொடங்கினாலும் போதும். உள்ளே நுழையும் கதவும் வெளியே வரும் கதவும் தெளிவாக இருந்தால் நடுவில் ஒரு அடையாளமும் தேவையில்லை. மொழிபெயர்ப்புகளில் நான் பார்க்கும் தவறு பெரும்பாலும் நுழைவாயிலில் இல்லை, வெளிவாயிலில்தான். பாட்டி சொன்னதும் பேரன் கண்டதும் ஒரே குழம்பாகிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஒன்றும் செய்யத் தேவையில்லாத இடத்தில் செய்வது. 'ஹாஃபெஸ் தர் கர்னெ ஹஷ்தொம் மீஸீஸ்தே அஸ்த்': ஹாஃபெஸ் ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். கலைக்களஞ்சிய நடை இது. எழுதியவர் ஹாஃபெஸைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதை 'ஹாஃபெஸ் இஸ் செட் டு ஹேவ் லிவ்ட்' என்று மாற்றினால், ஷீராஸின் கவிஞர் இருந்தாரா இல்லையா என்று ஆய்வாளர்களுக்குள் சண்டை நடப்பது போல ஆகிவிடும். 'ஹாஃபெஸ் லிவ்ட்' போதும். செய்தித்தாளில் வரும் 'கொஃப்தே அஸ்த்' என்பதும் அப்படியே, அமைச்சர் 'செட்'. 'சொன்னதாகக் கூறப்படுகிறது' என்று ஆக்கினால் நிருபர் சொல்லாததை நாம் சொல்கிறோம்.

உண்மையிலேயே பாரசீக எழுத்தாளர் சந்தேகத்தைக் காட்ட நினைத்தால் அதற்குத் தனிச் சொற்கள் வைத்திருக்கிறார்: 'கூயா', 'ஸாஹெரன்', 'மெஸ்லெ இன்கே'. 'கூயா ரஃப்தே' என்று வந்தால் தயங்காமல் 'அப்பேரன்ட்லி' போடுங்கள். அந்தச் சொல்லுக்கு அதுதான் வீடு. வினை வடிவத்துக்கும் 'கூயா'வுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைச் செலவழித்துவிட்டால், மூலத்தில் சும்மா தூரமாக நிற்பதும் முகம் சுளிப்பதும் ஆங்கிலத்தில் பிரித்தறிய முடியாமல் போகும்.

கடைசியாக ஒரு வகை இருக்கிறது. அதில் வடிவத்தை விட்டால் கதையே போய்விடும். துப்பறியும் கதை ஒன்றில் சந்தேக நபர் சொல்கிறார் என்று வையுங்கள்: 'நான் அங்கே இல்லை. தர் பாஸ் பூதே, துஸ்த் ஊமதே தூ.' கதவு திறந்திருந்திருக்கிறது, திருடன் உள்ளே வந்திருக்கிறான். இரண்டு பக்கம் கழித்து, கோபத்தில், அதே ஆள்: 'கொஃப்தம் கே, தர் பாஸ் பூத்!' சொன்னேனே, கதவு திறந்திருந்தது! ஒரு 'ஏ' விழுந்துவிட்டது. ஈரானிய வாசகரின் காது நிமிரும். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் 'தி டோர் வாஸ் ஓபன்' என்று எழுதினால் துப்பு தொலைந்தது. முதல் இடத்தில் 'தி டோர் மஸ்ட் ஹேவ் பீன் ஓபன்' என்று போட்டு, இரண்டாவதில் 'ஐ டோல்ட் யூ, தி டோர் வாஸ் ஓபன்' என்று போட்டால் அதே அளவு மெல்லிய சறுக்கல் கிடைக்கிறது. முன்னால் 'மஸ்ட் ஹேவ்' சேமித்து வைக்கச் சொன்னது இந்த மாதிரி இடத்துக்குத்தான். 'இட் சீம்ஸ்' போட்டால் சறுக்கல் பெரிதாகி, மந்தமான வாசகருக்கும் தெரிந்துவிடும்.

ஆனால் இதை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். பாரசீகத்தில் சாதாரணக் கடந்தகாலம் 'நான் கண்டேன்' என்று சத்தியம் செய்வதில்லை, அது நடுநிலை. 1747இல் நாதிர் ஷா கொல்லப்பட்டார் என்பதை எந்த வரலாற்றாசிரியரும் நேரில் பார்க்கவில்லை, ஆனாலும் 'கொஷ்தே ஷொத்' என்று சாதாரணமாகவே எழுதுவார். அந்த மேலேயுள்ள 'பூத்' குற்றத்தை நிரூபிப்பதில்லை, முகர்ந்து பார்க்க வைக்கிறது, அவ்வளவே. பக்கத்து மொழியான துருக்கியத்தில் இந்த வேறுபாடு இன்னும் கறாரானது. அங்கே தேவதைக் கதைகூட கேள்விப்பட்ட வடிவத்தில்தான் தொடங்கும், நம் 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தாராம்' மாதிரி. பாரசீகக் கதையோ 'யெக்கீ பூத் யெக்கீ நபூத்' என்று வெறும் 'பூத்'தில் தொடங்குகிறது: ஒருவன் இருந்தான், ஒருவன் இல்லை. ஆகவே கேள்விப்பட்டது எல்லாம் 'ஏ' வடிவம் பெறும் என்று விதி இல்லை. எழுத்தாளர் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றால் காரணம் தேடுங்கள். தேர்ந்தெடுக்கவில்லை என்றால் காரணம் தேடி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கதையில் தெஹ்ரான் பேச்சு வழக்கு வருகிறது என்றால் ஒரு எச்சரிக்கை. பேச்சில் 'போனேன்', 'போயிருக்கிறேன்' இரண்டுமே 'ரஃப்தம்'தான். முதலாவதில் அழுத்தம் முதல் அசையில் விழும், இரண்டாவதில் கடைசி அசையில். சில எழுத்தாளர்கள் இரண்டாவதை வேறுவிதமாக எழுதிக் காட்டுவார்கள், சிலர் அதையும் செய்யமாட்டார்கள். அப்போது பக்கத்தில் இரண்டும் ஒரே எழுத்துக்கள். சூழலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், தன்மையில் இது முக்கியம். ஒரு பாத்திரம் 'இரண்டு வயதில் படியிலிருந்து விழுந்திருக்கிறேன்' ('ஒஃப்தாதம்', கடைசி அசை அழுத்தம்) என்று சொன்னால், அவளுக்கு அது ஞாபகம் இல்லை, அம்மா சொன்னது. ஆங்கிலத்தில் 'ஐ ஃபெல் டவுன் தி ஸ்டெர்ஸ் வென் ஐ வாஸ் டூ, ஐ அம் டோல்ட்'. கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்திச் சொன்னால் 'ஐ அம் டோல்ட்' தேவையில்லை. நான் இந்த மாதிரி வரி வரும்போது வாயைத் திறந்து இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து வரியில் 'அம்மா சொல்வாள்' இருக்கிறதா, நெற்றியில் தழும்பு இருக்கிறதா, வலி இருக்கிறதா என்று பார்ப்பேன். தழும்பைக் காட்டிப் பேசினால் கடைசி அசை. வலியை விவரித்தால் அதற்கு முந்தைய அசை.